23 வாடிக்கையாளர்களின் பட்டியலும் பதில் சொல்ல முடியாமற்போன ஒரு கேள்வியும்: பயிற்சி முடித்தவர்களின் அனுபவப் பகிர்வு

கோண்டாவில், பயிற்சியை முடித்தவர்

யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு சிறிய கணக்காய்வு நிறுவனத்தில் மூன்று ஆண்டுப் பயிற்சியை முடித்துவிட்டு, கொழும்பில் உதவிக் கணக்காய்வாளர் பதவி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். இரவு பஸ்ஸில் போய்க் காலையில் நேர்முகத் தேர்வுக்கு அமர்ந்தேன். அங்கே நடந்ததையும், அதன் பிறகு என் சுயவிபரக்கோவையை எப்படி மாற்றினேன் என்பதையும் எழுதுகிறேன். இப்போது பயிற்சியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது உதவும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

என் பழைய கோவையின் இரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. அதில் 23 வாடிக்கையாளர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "கணக்காய்வில் உதவினேன்", "இருப்பெடுப்பில் பங்குபற்றினேன்", "வரி விபரத்திரட்டு" என்று போட்டிருந்தேன். தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் அந்த அட்டவணையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரேயொரு வரியில் விரலை வைத்து, "இந்த இருப்பெடுப்பில் சோதனைக்கான பொருட்களை எந்தத் திசையில் தெரிவுசெய்தீர்கள்?" என்று கேட்டார். நான் "பட்டியலில் இருந்து" என்றேன். "அப்படியானால் களஞ்சியத்தில் இருந்தும் பட்டியலில் ஏறாமற்போன பொருளை எப்படிக் கண்டிருப்பீர்கள்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. நான் பேசாமல் இருந்தேன்.

என்னை இன்றுவரை வருத்துவது, அந்த வேலையை நான் சரியாகச் செய்திருந்தேன் என்பதுதான். பட்டியலில் இருந்து 25 பொருட்களை எடுத்துத் தளத்தில் போய் எண்ணியிருந்தேன். தளத்தில் கண்ட 15 பொருட்களைக் குறித்துக்கொண்டு வந்து பட்டியலிலும் தேடியிருந்தேன். பணித்தாளில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் 23 பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டு போனவளுக்கு, அந்த ஒரு நாளில் நடந்தவை நினைவுக்கு வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு அட்டவணையை நீக்கிவிட்டு, நான்கு வேலைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் நாலைந்து வரிகளில் எழுதினேன். கொடுத்தது ஆங்கிலத்தில்தான், இருப்பெடுப்புப் பகுதியை இங்கே தமிழில் தருகிறேன்.

"நடுத்தர அளவிலான மொத்த விற்பனை நிறுவனம், மார்ச் 31 ஆண்டிறுதி. இரண்டு களஞ்சியங்களில் ஒன்றுக்கு நான் தனியாகப் பொறுப்பாக இருந்தேன். பட்டியலில் இருந்து தளத்துக்கு 25, தளத்தில் இருந்து பட்டியலுக்கு 15 பொருட்களை மீள எண்ணினேன்; மாதிரியைத் தெரிவுசெய்தவர் சீனியர். மூன்று வேறுபாடுகளைக் கண்டேன். மூன்றையும் நிறுவனம் திருத்தியது. கடைசிப் பொருள் பெறல் குறிப்பு, கடைசி அனுப்பல் குறிப்பு ஆகியவற்றின் இலக்கங்களைப் பதிவுசெய்து கட்-ஓஃப் பணித்தாளைத் தயாரித்தேன்."

அந்த மூன்று வேறுபாடுகளில் ஒன்றைப் பற்றி அடுத்த நேர்முகத்தில் கேட்டார்கள். மூட்டைகள் சுவரோடு அடுக்கப்பட்டிருந்தன. முன்பக்கம் 10, உள்நோக்கி 8, உயரம் 10 என்று எண்ணி 800 என எழுதியிருந்தார்கள். களஞ்சியப் பொறுப்பாளரிடம் ஏணி கேட்டு ஏறிப் பார்த்தேன். மேலே இருந்த நான்கு அடுக்குகளிலும் நடுவில் மும்மூன்று மூட்டைகளாக நான்கு வரிசைக்கு இடம் வெறுமையாக இருந்தது. ஓர் அடுக்குக்கு 12 என்று நான்கு அடுக்குக்கு 48 குறைந்து, எண்ணிக்கை 752 ஆனது. கிழிந்த மூட்டைகளை நடுவில் இருந்து அகற்றியவர்கள் அதைப் பதியவில்லை. களவு எதுவும் இல்லை. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது குழுவில் இருந்தவர் பேனையை வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.

மானிப்பாய், இரண்டாம் ஆண்டுப் பயிற்சியாளர்

அக்கா, நல்ல பதிவு. ஆனால் வாடிக்கையாளரின் பெயரை ஏன் மறைத்தீர்கள் என்று விளங்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் பொய்யாக எழுதியிருக்கிறார் என்று நினைக்கமாட்டார்களா? எங்கள் நிறுவனத்தில் முன்பு இருந்த அண்ணாமார் எல்லோரும் பெயரோடுதான் எழுதினார்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி என்றால் கணக்காய்வாளர் யார் என்பது ஆண்டறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறதே.

கொழும்பில் கணக்காய்வு முகாமையாளர், ஊர் சுன்னாகம்

தம்பி, பட்டியலிடப்பட்ட கம்பனி விடயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. எந்த நிறுவனம் அதைக் கணக்காய்வு செய்தது என்பது பகிரங்கமான செய்தி. ஆதலால் பெயரை எழுதுவது பெரிய குற்றமாகாது. ஆனால் அங்கே நீங்கள் என்ன கண்டீர்கள் என்பது பகிரங்கமானதல்ல. பெயரையும் கண்டறிந்ததையும் ஒரே வரியில் சேர்த்தால் அது இரகசியத்தை வெளியிட்டதாகிவிடும். எங்கள் ஒழுக்கக் கோவை அதை அனுமதிக்காது. தனியார் கம்பனிகளுக்கும் பங்குடைமைகளுக்கும் பெயரையே தவிருங்கள்.

நம்மூரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெயரை மறைத்தாலும், இன்ன வீதியில் இன்ன பொருளை மொத்தமாக விற்பவர் என்று எழுதினால், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவரும் அது யார் என்று உடனே சொல்லிவிடுவார். தங்கச்சி "மூட்டை" என்று மட்டும் எழுதிப் பொருளைச் சொல்லாமல் விட்டது மிகச் சரியான செயல். பெயர்களும் தொகைகளுமாக நிரம்பிய கோவை என் மேசைக்கு வரும்போது, இவர் நாளைக்கு எங்கள் வாடிக்கையாளரைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவார் என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது.

"மாதிரியைத் தெரிவுசெய்தவர் சீனியர்" என்ற சிறிய வாக்கியம் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. பயிற்சியாளர் மாதிரியைத் தெரிவுசெய்யவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அதைத் தாமே ஒத்துக்கொண்டவர் சொல்லும் மற்றவற்றையும் நம்பலாம். ஆனால் ஒன்று கேட்கவேண்டும், தங்கச்சி. கட்-ஓஃப் இலக்கங்களைப் பதிவுசெய்ததோடு நிறுத்திவிட்டீர்களா, இல்லை பேரேடு வரை தொடர்ந்தீர்களா? அந்த வரி பாதியில் நிற்கிறது.

கோண்டாவில், பயிற்சியை முடித்தவர்

தொடர்ந்தேன், அக்கா. கோவையில் எழுத விட்டுப்போனது. மார்ச் 30 திகதியிட்ட விலைப்பட்டியல் ஒன்று கொள்வனவில் பதியப்பட்டிருந்தது. பொருளோ ஏப்ரல் 2 அன்றுதான் களஞ்சியத்துக்கு வந்தது, அதற்குரிய பொருள் பெறல் குறிப்பின் இலக்கம் நான் குறித்துவைத்த கடைசி இலக்கத்துக்குப் பிந்தியதாக இருந்தது. களஞ்சியத்தில் ஒப்படைக்கும் வரை பொறுப்பு வழங்குநருடையது என்பதால் கொள்வனவையும் கடன்கொடுத்தோரையும் அந்தத் தொகையால் குறைக்கும்படி முன்மொழிந்தோம்.

மானிப்பாய், இரண்டாம் ஆண்டுப் பயிற்சியாளர்

அப்படியானால் இலாபம் கூடிக் காட்டப்பட்டிருக்கும், இல்லையா?

கொழும்பில் கணக்காய்வு முகாமையாளர், ஊர் சுன்னாகம்

இல்லை தம்பி, குறைந்து காட்டப்பட்டிருக்கும். கொள்வனவு ஏறிவிட்டது, ஆனால் பொருள் எண்ணப்படவில்லை; எனவே இறுதி இருப்பில் அது இல்லை, விற்பனைக் கிரயம் முழுத் தொகையாலும் கூடிவிட்டது. பொருள் மார்ச் 31க்கு முன்பே வந்து எண்ணப்பட்டு, விலைப்பட்டியல் மட்டும் ஏப்ரலில் பதியப்பட்டிருந்தால்தான் நீங்கள் சொல்வது நடக்கும். நேர்முகத்தில் இதைத்தான் கேட்பேன். கோவையில் "கட்-ஓஃப் பிழை ஒன்றைக் கண்டேன்" என்று எழுதியவருக்கு அது இலாபத்தை எந்தப் பக்கம் தள்ளியது என்று சொல்லத் தெரியாவிட்டால், அந்த வரியைச் சீனியரின் பணித்தாளில் இருந்து எடுத்திருக்கிறார் என்றுதான் கொள்வேன். தங்கச்சி, அந்தக் கடைசி வரியோடு "ஒரு கொள்வனவு தவறான ஆண்டில் பதியப்பட்டிருந்ததைக் கண்டு, திருத்தப் பதிவை முன்மொழிந்தோம்" என்று சேர்த்துவிடுங்கள். "முன்மொழிந்தோம்" என்று பன்மையிலேயே இருக்கட்டும்.

திருநெல்வேலி, கம்பனி நிதிப் பிரிவில் பயிற்சி பெற்றவர்

நான் கணக்காய்வு நிறுவனத்தில் அல்லாமல் ஒரு கம்பனியின் நிதிப் பிரிவில் பயிற்சி பெற்றவன். எனக்கு இருப்பெடுப்பு அனுபவம் இல்லை. ஆகவே இதுவரை எழுதியவை எனக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே வாசித்தேன். என் கோவையில் "வங்கி இணக்கக் கூற்றுத் தயாரித்தேன்" என்று இருந்தது. நிதிப் பிரிவுக்கான நேர்முகத்தில் அவர்கள் கேட்டது வேறு வகையானது: எத்தனை வங்கிக் கணக்குகள், மாதம் முடிந்து எத்தனையாம் நாள் கையளித்தீர்கள், முன்னிலைப்படுத்தப்படாத காசோலைகளை என்ன செய்தீர்கள் என்பவைதான். ஆறு மாதம் கடந்தும் வங்கிக்கு வராத நான்கு காசோலைகள் மாதாமாதம் என் கூற்றில் அப்படியே தொடர்ந்து வந்துகொண்டிருந்தன; காலாவதியானவற்றை மீளப் பதிந்து பொறுப்பாகக் காட்டவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அதை ஒப்புக்கொண்டேன். இப்போது அந்த வரி "ஐந்து கணக்குகள், ஒவ்வொரு மாதமும் நான்காம் வேலை நாளுக்குள்" என்று தொடங்குகிறது.

ஊழியர் சேமலாப நிதியும் அப்படித்தான். 8 வீதம், 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எந்தக் கொடுப்பனவுகளைச் சேர்த்துக் கணித்தீர்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் கணித்து, வாழ்க்கைச் செலவுப் படியை விட்டுவிட்ட ஒரு மாதத்தை நான் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தேன். அதை எழுதாமல் வீதங்களை எழுதி வைத்திருந்தேன்.

நல்லூர், முதலாம் ஆண்டு

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் நிறுவனத்தில் ஒரே வாடிக்கையாளருக்கு நாங்களே கணக்கை எழுதி, நாங்களே கணக்காய்வும் செய்கிறோம். நானும் இரண்டையும் செய்திருக்கிறேன். சிறிய நிறுவனங்களில் இது வழமைதானே. கோவையில் இரண்டையும் ஒன்றாக எழுதலாமா? மேலும், பயிற்சிப் பதிவேட்டில் கடைசி ஆறு மாதங்களுக்குப் பங்காளரின் கையொப்பம் இன்னும் கிடைக்காதவர்கள் அந்தக் காலத்தை எப்படிக் காட்டுவது?

கொழும்பில் கணக்காய்வு முகாமையாளர், ஊர் சுன்னாகம்

கையொப்பம் வராத காலத்தை "உறுதிப்படுத்தல் நிலுவையில்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். பின்னால் கேட்டு அறிவதைவிட எனக்கு அது நல்லது. முதற் கேள்வி கடினமானது. தாம் எழுதிய கணக்கைத் தாமே சோதிப்பதில் சுயாதீனம் பற்றிய பிரச்சினை உண்டு. எழுதியவரும் சோதித்தவரும் வேறு ஆட்களாக இருந்தால் அது குறையும். நீங்களே இரண்டையும் செய்திருந்தால், கணக்கு எழுதியதை ஒரு தலைப்பிலும் கணக்காய்வை வேறு வாடிக்கையாளரின் கீழும் எழுதும்படி நான் சொல்வேன். ஆனால் என் பங்காளர் இதற்கு உடன்படமாட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதி, கேட்டால் விளக்கட்டும் என்பார். நாங்கள் இருவரும் இதைப் பற்றிப் பல தடவை பேசியும் முடிவுக்கு வரவில்லை.

கோண்டாவில், பயிற்சியை முடித்தவர்

என்னுடைய நான்கு வேலைகளில் ஒன்றும் அப்படிப்பட்டதுதான், அக்கா. நான் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சேர்த்தேன். அது சரியா என்று எனக்கும் தெளிவில்லை. நல்லூர்த் தங்கச்சி, உங்கள் பணித்தாள்களின் பிரதியை நிறுவனத்தை விட்டு வெளியே கொண்டுவராதீர்கள். ஆனால் வேலை முடிந்த அன்றே எத்தனை பொருள், எந்தத் திசை, எத்தனை வேறுபாடு என்பதை வாடிக்கையாளரின் பெயரும் தொகையும் இல்லாமல் உங்கள் கொப்பியில் எழுதிவையுங்கள். நான் அந்த 40 பொருட்களை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவர, பழைய சீனியருக்கு மூன்று தடவை தொலைபேசி எடுக்கவேண்டியிருந்தது.