எப்போதும் நானேதான் கூப்பிட வேண்டுமா?

செந்தூல்வாசி: பள்ளித் தோழிகள் ஐந்து பேர். மூன்று வருஷமாக மாதம் ஒரு தடவை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. தேதி கேட்பது, கடை பார்ப்பது, முந்தின நாள் ஞாபகப்படுத்துவது எல்லாம் நான்தான். கூப்பிட்டால் வருகிறார்கள், சந்தோஷமாகப் பேசுகிறார்கள். ஆனால் ஒருத்திகூட "போவோமா?" என்று தானாகக் கேட்டதில்லை. கணக்குப் பார்க்கவும் பிடிக்கவில்லை, மனசும் ஆறவில்லை. எப்படிச் சொல்வது?

கிள்ளான் அண்ணன்: நிறுத்திடுங்க தங்கச்சி. மூணு மாசம் வாயே திறக்காதீங்க. நீங்க வேணும்னு நினைக்கிறவங்க கூப்பிடுவாங்க. கூப்பிடாதவங்க யாருன்னு அப்போ தெரிஞ்சிடும்.

தாமான் மூடா: ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் பெலாஞ்சா பண்ணினால் இப்படித்தான் ஆகும். பில்லை ஐந்தாகப் பிரியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

செந்தூல்வாசி: காசு பிரச்சினை இல்லைங்க. அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர்தான் கொடுக்கிறோம்.

பட்டர்வொர்த் அக்கா: கிள்ளான் தம்பி சொன்னதை நான் செய்து பார்த்தேன். நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் தோழிகளோ என் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை போல, தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒதுங்கியிருந்தார்கள். நான் கோபமாக இருந்தது ஒருத்திக்கும் தெரியாது. பரீட்சை நடக்கிறதென்றே தெரியாதவள் எப்படி அதில் தேறுவாள்?

செந்தூல்வாசி, கணக்கு மனசில் ஓடுவதற்காக வருத்தப்படாதீர்கள். மார்கரெட் கிளார்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984ல் ஒரு சோதனை செய்தார். இரண்டு பேர் சேர்ந்து ஒரே தாளில் எண்களைத் தேடிக் குறிக்க வேண்டும், கிடைக்கும் பரிசு இருவருக்கும் பொது. முதல் ஆள் ஒரு நிறப் பேனாவில் குறித்துவிட்டுப் போவார். அவர் முன்பின் தெரியாதவர் என்றால், அடுத்தவர் பெரும்பாலும் வேறு நிறப் பேனாவை எடுத்தார், தன் பங்கு தனியாகத் தெரியட்டும் என்று. நண்பர்களுக்குள் அந்த அக்கறை குறைவாக இருந்தது. உங்கள் கை இப்போது வேறு பேனாவைத் தேடுகிறது. நட்பு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, அது நழுவுகிறதோ என்று உங்களுக்குப் பயம் வந்திருக்கிறது.

குழுவில் பொதுவாகக் கேட்காதீர்கள். "அடுத்த தடவை யாராவது ஏற்பாடு பண்ணுங்களேன்" என்றால் நாலு பேரும் மற்ற மூவரைப் பார்ப்பார்கள். ஒருத்தியைத் தனியாகக் கேளுங்கள்: "அடுத்த மாசம் நீ பார்த்துக்கோயேன். எனக்கு ரெண்டாவது, மூணாவது சனி சரி. எங்கே சொன்னாலும் வர்றேன்." இத்தனை மாதக் கதையை அதில் சேர்க்க வேண்டாம்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். அவள் டிவியில் கால்பந்து அலறும் மாமாக் கடையைச் சொன்னாலும் போக வேண்டும், "அங்கே சத்தமா இருக்குமே" என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை திரும்ப உங்கள் தலைக்கே வந்துவிடும். தேதி நெருங்கியும் அவள் பேசவில்லையென்றால் நீங்கள் உள்ளே புகுந்து கடை பிடிக்கக்கூடாது. அந்த மாதம் சந்திப்பே இல்லாமல் போகட்டும். எல்லாம் பண்ணுகிறவர்களால் இதைத்தான் தாங்க முடிவதில்லை.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்: கூப்பிடாதவர்கள் பக்கம் இருக்கிற ஆள் நான். தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட், அடுத்த மாச ரோஸ்டர் கடைசியில்தான் வரும். நான் தேதி சொல்லி நானே வராமல் போனால் அசிங்கம், அதனால் சும்மா இருந்துவிடுகிறேன். கூப்பிடாதவன் எல்லாரும் அப்படித்தான்.

கிள்ளான் அண்ணன்: எல்லாருமா? சும்மா சோம்பேறித்தனமும் இருக்கு தம்பி. அக்கா, கேட்டு வாங்கின அழைப்பு அழைப்பாகுமா? உங்களுக்காகச் செய்வாங்க, ஆசைப்பட்டு செய்ய மாட்டாங்க.

பட்டர்வொர்த் அக்கா: முதல் தடவை உங்களுக்காகத்தான் செய்வார்கள். இரண்டாவது தடவை தானாக வருமா என்பது ஆளைப் பொறுத்தது. என் குழுவில் இரண்டு பேர் மாறினார்கள், ஒருத்தி இன்றுவரை மாறவில்லை. அவளை இப்போதும் நான்தான் கூப்பிடுகிறேன். என் அப்பா இறந்தபோது சொல்லாமலே வந்து மூன்று நாள் சமையலறையில் நின்றவள் அவள்.

செந்தூல்வாசி: பழைய செய்திகளைப் படித்துப் பார்த்தேன். வெள்ளி ராத்திரி "எல்லாருக்கும் ஓகேவா?" என்று போட்டு, இரண்டு மணி நேரத்தில் நானே கடையையும் முடிவு பண்ணியிருக்கிறேன். மற்றவர்கள் பேச நான் இடமே கொடுத்ததில்லை.

நேற்று இரண்டு பேரிடம் தனியாகக் கேட்டேன். ஒருத்தி உடனே எழுதினாள்: "என் வீட்டுக்கு வாங்களேன்டி, ரவாங் தூரம்னு சொல்வீங்கன்னுதான் கேட்கல." இத்தனை வருஷமும் அவள்தான் கொமியூட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்தாள், வர ஒரு மணி நேரம், போக ஒரு மணி நேரம். எனக்கு எல்ஆர்டியில் சில ஸ்டேஷன்தான். அதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இன்னொருத்திக்கு நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை.

கிள்ளான் அண்ணன்: அவங்களை என்ன செய்யப் போறீங்க?

செந்தூல்வாசி: தெரியலண்ணா. இந்த மாசம் ரவாங் போறோம். அவளையும் ரவாங்காரியே கூப்பிடட்டும்னு விட்டிருக்கேன்.