கனநீர் விட்டதும் மறைந்த முகடு: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

மூன்றாம் மேசை
அசிட்டோஅசிட்டனிலைடு. அனிலினும் டைகீட்டீனும், கூடவே கொஞ்சம் டிரைஎத்திலமீன். CDCl3-இல் புரோட்டான் என்.எம்.ஆர். எடுத்தபோது 3.6-இல் இரண்டு புரோட்டான் பரப்புடன் ஒரு முகடு. அனிலினின் NH2-வும் அந்த இடத்தை ஒட்டித்தான் வரும், அதுதான் வயிற்றைக் கலக்கியது. இரண்டு சொட்டுக் கனநீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். கருவி மறுநாள் காலையில்தான் கிடைத்தது. 9.1-இல் இருந்த அமைடு NH இல்லை. 3.6-உம் இல்லை! அந்த இடம் துடைத்த பலகை போல வெறுமையாகக் கிடந்தது. அனிலின் மிச்சமிருக்கிறது என்று முடிவுகட்டி, நீர்த்த அமிலத்தால் இரண்டு முறை கழுவினேன். மறுபடி எடுத்தால் 3.6 அதே பரப்புடன் நிற்கிறது. கனநீர் விட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்தேன்: 9.1 குறைந்தது, 3.6 அசையவில்லை. ஒரே முகடு ஒரு நாள் போகிறது, அடுத்த நாள் போகமாட்டேன் என்கிறது. இன்னும் உறுத்துகிறது.

நேர்கோடு
இதில் குழம்ப என்ன இருக்கிறது? கனநீரில் போனால் OH அல்லது NH, போகாவிட்டால் CH. இரண்டாவது முறை நீங்கள் சரியாகக் குலுக்கவில்லை. எனக்கு ஒரு ஆல்கஹாலில் 1.56-இல் OH வந்தது. ஒரே சொட்டு, அரை நிமிடக் குலுக்கல், ஆள் காலி. ஐந்து வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன், ஏமாந்ததில்லை.

பழைய குழாய்
மூன்றாம் மேசை, முதல் நிறமாலையில் 6.7 பக்கம் ஏதாவது இருந்ததா? அனிலினின் ஆர்த்தோ, பாரா புரோட்டான்கள் அங்கே வந்தாக வேண்டும். 3.6 முழுக்க NH2 என்றால் அவையும் அதற்கு ஈடான பரப்புடன் நிற்கும். இல்லையென்றால் அனிலின் இல்லை. கனநீரைத் திறக்கும் முன்பே விடை கிடைத்திருக்கும்.

உங்கள் 3.6 இரண்டு கார்பனைலுக்கு நடுவே மாட்டிக்கொண்ட CH2. காரம் துளி இருந்தாலும் ஈனால் வழியாகத் தன் புரோட்டான்களைக் கொடுத்துவிட்டு டியூட்டீரியத்தை வாங்கிக்கொள்ளும். முதல் தடவை டிரைஎத்திலமீன் மிச்சமிருந்தது, ஓர் இரவு நேரமும் இருந்தது. அமிலம் அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. நீங்கள் காத்ததும் பத்தே நிமிடம். குலுக்கல்மீது பழி போட வேண்டாம்.

நானும் இதே குழியில் விழுந்தவன்தான், மலோனேட் ஒன்றில். அன்றிலிருந்து கனநீர் விட்டதும் ஒன்று, சில மணி நேரம் கழித்து ஒன்று என இரண்டு நிறமாலை எடுக்கிறேன். ஆனால் வேகத்தை மட்டும் நம்ப முடியாது. அமைடு NH-உம் சில சமயம் மணிக்கணக்கில் அடம்பிடிக்கும். கனநீர் விடாத மாதிரியில் எச்.எஸ்.கியூ.சி. எடுங்கள். CH2 என்றால் 50 அருகே உள்ள கார்பனோடு புள்ளி விழும். NH2 என்றால் புள்ளியே விழாது.

நேர்கோடு, CDCl3-இல் கரைந்த நீர் வருவதும் 1.56-இல்தான். கனநீர் விட்டால் அதுவும் போகும். அது ஆல்கஹாலின் OH என்று எப்படித் தெரிந்தது?

ஈரக்கை
எனக்கு வேறு தொல்லை. கனநீர் விட்டபின் எல்லா முகடும் தடித்துவிட்டன. பொருள் சிதைந்துவிட்டது என்று நினைத்து, மூன்று வாரம் உழைத்துச் செய்ததைக் கொட்டிவிட்டேன்.

நீங்களாவது கொட்டுவதற்கு முன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கனநீர் குளோரோஃபார்மைவிட இலேசானது, மேலே மிதக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய துளிகள் சுருளின் உயரத்தில் நின்றால் காந்தப்புலம் சீர்படாது, எல்லாம் தடிக்கும். குழாயை மெல்லத் தட்டி, துளிகள் ஏறும்வரை காத்திருங்கள். சொட்டை அதிகமாக்காதீர்கள். 4.7 பக்கம் HOD வரும். பென்சைல் ஆல்கஹாலின் CH2 போன்றவை அதன் அடியில் புதைந்துபோகும், அதையும் மறைந்த கணக்கில் எழுதிவிடுவீர்கள். டிஎம்எஸ்ஓ-வில் அடுக்கே பிரியாது, அங்கே HOD 3.3-ஐத் தாண்டி நகரும். அங்கே கனநீர் தேவையா என்றே யோசியுங்கள், OH அதில் பெரும்பாலும் பிளவோடு தானே காட்டிக்கொடுக்கும்.

நேர்கோடு
1.56 முகட்டின் பரப்பு ஒரு புரோட்டானுக்குச் சரியாக இருந்தது. தற்செயலாக இருக்க முடியுமா?

பழைய குழாய்
இருக்க முடியும். அதே கரைப்பானை மட்டும் குழாயில் எடுத்துப் பாருங்கள்.

மூன்றாம் மேசை
பழைய தாளைத் தேடி எடுத்தேன். 6.7-இல் ஒன்றுமே இல்லை. 1.03-இல் குட்டியாக ஒரு மும்மை, 2.5-இல் ஒரு நான்மை. அன்று அதை கரைப்பான் அழுக்கு என்று பென்சிலால் அடித்திருக்கிறேன். கழுவிய மாதிரியில் இன்னும் கனநீர் மிதக்கிறது, நான்காவது நாள். 3.6 முக்கால்தான் மிச்சம். டிரைஎத்திலமீன் போனபின் இதை இழுப்பது எது?