தசமத்தின் கடைசியில் நிற்கும் பூச்சியங்களை எடுப்பதற்கு என்ன பெயர்?

கிளிநொச்சியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு நெல் கொள்வனவு நிலையத்துக்குச் சிறிய கணக்கு மென்பொருள் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு தெரிவுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். தராசிலிருந்து வரும் நிறையைக் கிலோகிராமில் மூன்று தசமதானம் வரை சேமிக்கிறோம். அதனால் பட்டியல் திரையில் இப்படி வருகிறது:

```
62.500
58.000
60.250
100.000
```

பற்றுச்சீட்டு அச்சிடும் இயந்திரத்தில் மை கொஞ்சம் மங்கினால் போதும், புள்ளி தெரியாது. 58.000 ஐம்பத்தெட்டாயிரம் ஆகிவிடும். அதனால் தேவையில்லாத பூச்சியங்களைக் காட்டாமல் விடுவதற்கு ஒரு தெரிவுப் பெட்டி வைக்கப்போகிறேன். முன்பு யாரோ இதை “பின்தொடரும் பூச்சியங்களை ஒழுங்குசெய்” என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். பூச்சியம் யாரைப் பின்தொடர்கிறது என்று நிலையத்தில் இருப்பவர்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் அடங்கும் அளவுக்குச் சிறிய பெயராகச் சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து

அண்ணை, இதற்குப் புதுச் சொல் எதற்கு? பள்ளிக்கூடத்தில் படித்த “மட்டந்தட்டல்” இருக்கிறதே. 62.500ஐ 62.5 ஆக்குவது முதலாம் தசமதானத்துக்கு மட்டந்தட்டுவதுதான். 58.000ஐ முழு எண்ணுக்கு மட்டந்தட்டினால் 58. விடை சரியாகத்தானே வருகிறது?

புதுக்குடியிருப்பிலிருந்து

தம்பி, அந்த இரண்டு எண்ணிலும் விடை சரி. 60.250இல் என்ன செய்வீர்கள்? முதலாம் தசமதானத்துக்கு மட்டந்தட்டினால் 60.3. ஐம்பது கிராம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. மட்டந்தட்டும்போது எத்தனை தானம் என்பதை நாம் முன்கூட்டியே சொல்கிறோம், பெறுமானம் மாறலாம். இங்கே எத்தனை தானம் என்பதை அந்த எண்ணே சொல்கிறது, பெறுமானம் மாறவே கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நாளைக்கு யாராவது அந்தப் பெட்டியை அழுத்தப் பயப்படுவார்கள். பயப்படாவிட்டால் அது இன்னும் மோசம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெல்லின் ஈரப்பதனும் அதே பட்டியலில் வருமென்று நினைக்கிறேன். அளவுகருவி 14.0 என்று காட்டினால், அந்தப் பூச்சியம் சும்மா நிற்கவில்லை. பத்திலொன்று வரை அளந்து பார்த்தோம், அங்கே பூச்சியம் இருந்தது என்கிறது. வெறும் 14 என்று எழுதினால் 13.6ஐயும் 14.4ஐயும் அப்படித்தான் எழுதியிருப்பார்களோ என்ற சந்தேகம் வரும். 14 வீதத்தை எல்லையாக வைத்து நெல் வாங்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆகவே பெயரில் “தேவையற்ற” என்ற சொல் வேண்டாம். தேவையா இல்லையா என்பதைப் பெட்டி தீர்மானிக்கக் கூடாது.

மாங்குளத்திலிருந்து

புதுக்குடியிருப்பு ரீச்சர் சொன்னதோடு சேர்த்து ஒன்று. கிளிநொச்சி கேட்ட கேள்விக்குள் இரண்டு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் பெயர் வைத்தால் பிறகு இழுபறிதான்.

முதலாவது, ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகச் சுருக்குவது. போஸ்ட்கிரெஸ் பாவிப்பவர்களுக்கு 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு ஒரு செயற்கூறு இருக்கிறது:

```sql
SELECT trim_scale(nirai) FROM nel;
-- 62.5
-- 58
-- 60.25
-- 100
```

எண் ஒவ்வொன்றும் சுருக்கமாக இருக்கிறது. ஆனால் பட்டியலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம், இன்னொன்றில் இரண்டு, மற்றதில் புள்ளியே இல்லை. வலப்பக்கம் ஒட்டி அடுக்கினால் 60.25 நான்கு இலக்கம், 100 மூன்று இலக்கம். அவசரத்தில் பார்ப்பவருக்கு 60.25தான் பெரிய எண்ணாகத் தோன்றும்.

இரண்டாவது, முழு நிரலுக்கும் எத்தனை தசமதானம் போதும் என்று பார்த்து, எல்லா எண்ணையும் அந்த அளவுக்கே காட்டுவது. ஓர் எண்ணுக்குக் குறைந்தது எத்தனை தானம் வேண்டும் என்று `min_scale` சொல்லும். அவற்றில் பெரியதை எடுத்தால் நிரலின் அளவு கிடைத்துவிடும்:

```sql
SELECT max(min_scale(nirai)) FROM nel;
-- 2
```

மேலே உள்ள நான்கு எண்ணுக்கும் முறையே 1, 0, 2, 0. பெரியது 2. ஆகவே 62.50, 58.00, 60.25, 100.00 என்று காட்டலாம். எல்லா எண்ணிலும் மூன்றாம் தசமதானத்தில் இருந்த பூச்சியம் மட்டும் போய்விட்டது, புள்ளிகள் ஒன்றின்கீழ் ஒன்று வந்துவிட்டன, பெறுமானம் எதுவும் மாறவில்லை. பட்டியலுக்கு இதுதான் நல்லது என்பது என் கருத்து. பற்றுச்சீட்டில் தனியாக நிற்கும் ஓர் எண்ணுக்கு முதலாவது முறை போதும். ஆனால் அங்கே 58.00 வந்தால் மை மங்கும்போது ஐயாயிரத்து எண்ணூறு என்று வாசிக்க இடமிருக்கிறது, 58 என்று வந்தால் அந்த வில்லங்கமே இல்லை.

இரண்டாவது முறைக்கும் ஒரு நோய் உண்டு. நிறைகள் மிதவைப்புள்ளி எண்களாக எங்கிருந்தாவது வந்திருந்தால், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிய ஒரு வரியில் 0.30000000000000004 என்று நிற்கும். அந்த ஒரு வரிக்காக முழு நிரலும் பதினேழு தானத்துக்கு நீண்டுவிடும். பட்டியல் திடீரென்று அகலமானால் அப்படி ஒரு வரி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அதனால் முதலில் தராசின் மூன்று தானத்துக்கு மட்டந்தட்டிவிட்டுத்தான் எண்ணிப் பார்க்கவேண்டும். வவுனியாத் தம்பி கேட்ட மட்டந்தட்டலுக்கு இந்த இடத்தில் வேலை இருக்கிறது, ஆனால் இது வேறு படி.

நெடுங்கேணியிலிருந்து

எனக்குக் கணினி அவ்வளவு வராது, சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சொல்லின் கடைசிக்குத் தமிழ் இலக்கணத்தில் “ஈறு” என்று பெயர். ஈறு கெட்டது, ஈறு திரிந்தது என்றெல்லாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். எண்ணின் கடைசியில் நிற்கும் பூச்சியத்தை “ஈற்றுப் பூச்சியம்” என்றால் அது யாரையும் பின்தொடராது. ஒரு பூச்சியமானாலும் மூன்று பூச்சியமானாலும் பொருந்தும்.

வினைக்கு மூன்று சொற்களை யோசித்தேன். “களைதல்” என்றால் பூச்சியம் களை ஆகிவிடும். ரீச்சரின் 14.0இல் இருப்பது பயிர். “நீக்கல்” என்றால் பதிவிலிருந்தே அழிந்துவிடும் என்று பயப்படுவார்கள். கிளிநொச்சியில் செய்யப்போவது திரையில் காட்டாமல் விடுவதுதானே? அப்படியானால் “மறைத்தல்” பொருந்தும்.

வவுனியாவிலிருந்து

மட்டந்தட்டலை விட்டுவிடுகிறேன். ஆனால் ஐயா, ஈறு என்று சொன்னதும் எனக்குப் பல்தான் ஞாபகம் வருகிறது. “கடைப் பூச்சியம்” என்று வைத்தால் என்ன?

புதுக்குடியிருப்பிலிருந்து

கடை என்றால் பிள்ளைகள் பெட்டிக்கடைக்குப் போய்விடுவார்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து

நான் எங்கள் கமக்காரர் அமைப்பில் கணக்கு எழுதுகிறேன். இந்தப் பெட்டியை எங்களுக்கும் போட்டுத் தரமுடியுமா என்று கேட்கத்தான் எழுத வந்தேன். குளத்து நீர்மட்டத்தைத் தினமும் எழுதி வைக்கிறோம். 18.9, 18.10, 18.11 என்று வரும். எங்கள் தாளில் 18.10 மட்டும் 18.1 என்று வந்துவிடுகிறது. அந்தப் பூச்சியத்தைத் திருப்பி எடுக்க இந்தப் பெட்டி உதவுமா? சிறுபோகக் கூட்டத்தில் நீர்மட்டம் ஒரு நாளில் இறங்கிவிட்டு மறுநாள் ஏறியதுபோலக் காட்டியதால் வீண் கதை வந்தது.

மாங்குளத்திலிருந்து

அண்ணை, அது அடியும் அங்குலமும். பதினெட்டு அடி பத்து அங்குலம். நீங்கள் புள்ளி போட்டு எழுதியதால் விரிதாள் அதைத் தசம எண் என்று எடுத்துக்கொண்டு, 18.10உம் 18.1உம் ஒன்றே என்று பூச்சியத்தை விட்டுவிட்டது. படிப்பவருக்கு அது பதினெட்டு அடி ஓர் அங்குலம். ஒன்பது அங்குலத் தண்ணீர் காணாமல் போய்விட்டது. இரண்டு தானம் காட்டச் சொன்னால் 18.10 திரும்பி வரும், ஆனால் 18.9 உடனே 18.90 ஆகிவிடும். ஆகவே இந்தப் பெட்டியும் உதவாது, அதன் எதிர்ப்பெட்டியும் உதவாது. அடிக்கு ஒரு நிரல், அங்குலத்துக்கு ஒரு நிரல் வையுங்கள். அல்லது எல்லாவற்றையும் அங்குலமாக, 226 என்று சேமியுங்கள்.

மென்பொருள்காரரும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். பைதனின் 3.10ஆம் பதிப்பைக் கட்டமைப்புக் கோப்பில் மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் அது 3.1 என்று வாசிக்கப்படும். பழைய பதிப்பைத் தேடிப் போய்த் தோற்று நிற்கும்.

கிளிநொச்சியிலிருந்து

நல்ல வேளை கேட்டேன். நான் இப்போது எழுதி வைத்திருக்கும் நிரலில் பூச்சியத்தை எழுத்துச்சரமாக வைத்துத்தான் வெட்டுகிறேன். பைதனில் `rstrip('0.')`. இதில் ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா?

மாங்குளத்திலிருந்து

இருக்கிறது. அந்த மேற்கோள்குறிக்குள் இருப்பது ஒரு தொடர் இல்லை, தனித்தனி எழுத்துகளின் தொகுதி. பூச்சியமோ புள்ளியோ எது வந்தாலும் வலப்பக்கத்திலிருந்து தின்றுகொண்டே போகும்.

```python
'100.000'.rstrip('0.')              # '1'
'100.000'.rstrip('0').rstrip('.')   # '100'
'100'.rstrip('0').rstrip('.')       # '1'
```

முதல் வரியில் நூறு கிலோ மூட்டை ஒரு கிலோ ஆகிவிட்டது. இரண்டாவது வரி சரி. ஆனால் புள்ளியே இல்லாத எண் வந்தால் மூன்றாவது வரியில் மறுபடியும் ஒரு கிலோதான். ஆகவே சரத்தில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள். சோதிக்கும்போது 62.500ஐ மட்டும் போட்டுப் பார்த்தால் இது பிடிபடாது. 100, 100.000, 0.000 மூன்றையும் கட்டாயம் போடுங்கள்.

எக்செலுக்கு ஏற்றுமதி செய்பவர்கள் `0.###` என்ற வடிவத்தை நம்பவேண்டாம். 62.5 சரியாக வரும், 58 மட்டும் `58.` என்று தொங்கும் புள்ளியோடு வரும்.

பெயருக்கு வருகிறேன். ஐயாவின் “ஈற்றுப் பூச்சியம்” எனக்குப் பிடித்திருக்கிறது. திரைக்கு “மறைத்தல்” சரி. ஆனால் `trim_scale` உண்மையிலேயே எடுத்துவிடுகிறது. அதன் விடையைத் திருப்பிச் சேமித்தால், தானம் குறிக்காத நிரலில் 14.0 இருந்த இடத்தில் 14தான் இருக்கும். அதை மறைத்தல் என்று சொல்லமுடியாது. செயற்கூறின் விளக்கத்தில் “ஈற்றுப் பூச்சியம் நீக்கல்”, பெட்டியில் “ஈற்றுப் பூச்சியம் மறை” என்று இரண்டாக வைத்தால் குழப்பம் குறையும்.

நெடுங்கேணியிலிருந்து

ஒப்புக்கொள்கிறேன். நிரல் முழுவதற்கும் போதுமான அளவுக்கு “தேவைத் தசமதானம்” என்று வைக்கலாமா?

புதுக்குடியிருப்பிலிருந்து

“தேவை” மறுபடியும் வந்துவிட்டது. “நிரல் தசமதானம்” என்று வையுங்களேன். இந்த நிரலுக்கு இரண்டு தானம், அவ்வளவுதான்.

வவுனியாவிலிருந்து

நிரல் என்றால் எங்களுக்கு மேலிருந்து கீழ். கிளிநொச்சி அண்ணை மேலே மென்பொருள் எழுத்தையும் நிரல் என்கிறார். தமிழ்நாட்டிலும் அதற்குத்தான் நிரல் என்கிறார்கள். பூச்சியத்துக்கும் அங்கே சுழியம் என்று போட்டுவிடுவார்கள். இந்த மென்பொருள் அங்கே போனால் “ஈற்றுச் சுழியம்” ஆக்கவேண்டி வருமா?

கிளிநொச்சியிலிருந்து

இப்போதைக்கு இங்கே ஓடட்டும். பெட்டியில் “ஈற்றுப் பூச்சியம் மறை” என்று போடுகிறேன். நிறை நிரலில் மட்டும் அது வேலை செய்யும். ஈரப்பதன் எப்போதும் ஒரு தானம், ரூபாய் எப்போதும் இரண்டு தானம், அவற்றின் பக்கத்தில் பெட்டியே வராது. இரண்டாவது பெயரை வெறுமையாக விட்டிருக்கிறேன். “தேவைத் தசமதானம்”, “நிரல் தசமதானம்” இரண்டில் எது என்று மற்றவர்களும் சொல்லுங்கள். ஒட்டுசுட்டான் அண்ணைக்கு அடி, அங்குலம் என்று இரண்டு நிரல் உள்ள தாள் ஒன்றைத் தனியாக அனுப்புகிறேன்.