தொழில் மாறிடுச்சு, பேரும் மாறணுமா?

நடுவழி: மாணவர்களுக்கு வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஆசிரியர் தேடிக் கொடுக்கும் ஆப் நடத்தினோம். இப்ப பயிற்சி மையங்களுக்கு வருகைப்பதிவு, கட்டண வசூல் மென்பொருள் விக்கிறோம். பேர்லயே ‘ட்யூட்டர்’ இருக்கு. பேர், லோகோ, நாங்க சொல்ற கதை எல்லாத்தையும் மாத்தணுமா?

குமரன்: எதையும் தொடாதீங்க. நோக்கியா 1865ல மரக்கூழ் ஆலை. ரப்பர், கேபிள், ஃபோன்னு எங்கெங்கயோ போச்சு, பேர் அதேதான்.

ஆதிரை: நோக்கியா ஊர்ப்பேர் குமரன். எந்தத் தொழிலையும் சொல்லாத பேர் எதையும் தாங்கும். இவங்க பேர் பழைய தொழிலையே சொல்லுது. அதைவிட மோசம், மையம் நடத்துறவங்க கண்ணுக்கு இவங்க மாணவர்களை வீட்டு ஆசிரியர் பக்கம் இழுத்துட்டுப் போன போட்டியாளர். நடுவழி, விற்பனைக்குப் பேசும்போது “நீங்க அந்த ஆப்தானே?”ன்னு முதல்லயே கேக்குறாங்களா? அடிக்கடி கேட்டா மாத்துங்க. யாருக்கும் உங்களைத் தெரியலைன்னா அவசரமே இல்ல.

மீரா: பேரை மாத்தினா கூகுள்ல இருந்து வர்ற கூட்டம் போயிடுமே? லோகோவை மட்டும் மாத்தலாம்.

ஆதிரை: கூட்டம் குறையலாம், அது சரி. ஆனா அதுல பெரும்பாலும் ஆசிரியர் தேடுற பெற்றோர். மென்பொருள் வாங்கப்போறது அவங்க இல்லையே. பயன்படுற பக்கங்களை மட்டும் ஒவ்வொண்ணா அதுக்குரிய புதுப் பக்கத்துக்கு 301 போட்டுத் திருப்புங்க, எல்லாத்தையும் முகப்புல கொண்டுபோய்க் கொட்டாதீங்க. பழைய டொமைனை விட்டுடவும் கூடாது. வேற யாராவது அதை வாங்கினா, அந்த முகவரிக்கு வர்ற பாஸ்வேர்டு மாத்துற மெயில்கூட அவங்க கைக்குப் போகும்.

செல்வி: எங்க கம்பெனியில பேர், தளம் எல்லாம் மாறிச்சு. கார்டு ஸ்டேட்மென்ட்ல மட்டும் பழைய பேரே வந்துட்டிருந்தது. யாருக்குப் போன பணம்னு தெரியாம வாடிக்கையாளருங்க பேங்க்ல புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிட்டாங்க. பேமென்ட் கேட்வேல காட்டுற பேரை முதல்ல பாருங்க.

குமரன்: சரி, இந்தத் தொழிலும் ஓடலைன்னா? இன்னொரு பேரா?

ஆதிரை: நல்ல கேள்வி. அதனாலதான் இப்போதைக்குப் பொருளுக்கு மட்டும் புதுப் பேர் போதும்னு சொல்வேன். ஸ்லாக் கதை அப்படித்தான். டைனி ஸ்பெக்னு ஒரு கம்பெனி, க்ளிட்ச்ங்கிற விளையாட்டை 2012ல மூடிட்டு, உள்ளுக்குள்ள பேசிக்க வெச்சிருந்த கருவியை 2013ல ஸ்லாக்னு வெளியே கொண்டுவந்தாங்க. கம்பெனி பேர் அப்புறம்தான் மாறிச்சு. உங்க பதிவுப்பேரும் காத்திருக்கட்டும், மையங்கள் ரெண்டாவது வருஷத்துக்குப் பணம் கட்டுறாங்களான்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம். கதையில பழசை மறைக்காதீங்க, தேடினா ரெண்டு நிமிஷத்துல கிடைச்சிடும். ஆசிரியர்களோட வேலை செஞ்சப்ப என்ன கத்துக்கிட்டீங்கன்னு சொல்லுங்க.

குமரன்: ரெண்டு பேரை வெச்சு ஓட்டுறது சின்ன டீமுக்கு ரெட்டை வேலை. நான் இன்னும் ஒத்துக்கல.

நடுவழி: “அந்த ஆப்தானே?”ன்னு கேக்காத மையமே இல்ல. பொருளுக்குப் புதுப் பேர் வைக்கிறோம். ஆனா பழைய ஆப்ல முன்பணம் கட்டின பெற்றோர் இன்னும் இருக்காங்க. அவங்க வகுப்பு முடியுற வரைக்கும் அதே பேர்ல ஓட்டணுமா, பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு மூடிடலாமா?

செல்வி: எத்தனை பேர், எவ்வளவு பாக்கின்னு சொல்லுங்க.