அழிந்த ஃபைல்களைத் தேடி யு.எஸ்.என். ஜர்னலைத் திறந்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சர்வர்மணி
ஒரு ஆடிட்டர் அலுவலகம். D: டிரைவில் இருந்த Bills2019 ஃபோல்டரைக் காணோம். பழி முழுக்க, திங்கள் காலை ரீசைக்கிள் பின்னைக் காலி செய்த பெண் மேல். ஜர்னலை வேறு டிரைவில் எழுதி எடுத்தேன்:

```
fsutil usn readjournal D: csv > E:\usn.csv
```

ஒவ்வொரு பில்லின் பெயரும் இருந்தது. எல்லாவற்றுக்கும் `File delete | Close`, எல்லாம் திங்கள் 9:40. "நாங்கதான் சொன்னோமே" என்றார்கள். ஆனால் அந்த ஃபைல்கள் அத்தனைக்கும் தாய் ஃபோல்டர் எண் ஒன்றே. அந்த எண்ணை வைத்துப் பின்னோக்கித் தேடினால், முந்தின வெள்ளி மாலை 6:12க்கு Bills2019 என்ற பெயரில் `Rename: old name`, அடுத்த வரியில் $RK3T9QZ என்ற பெயரில் `Rename: new name`. ஃபோல்டரை டெலீட் செய்தால் விண்டோஸ் அதன் பெயரை மட்டும் மாற்றிப் பின்னுக்குள் தள்ளுகிறது, உள்ளே இருக்கும் ஃபைல்களைத் தொடுவதில்லை. அவற்றுக்குப் பதிவு விழுவது பின் காலியாகும்போதுதான். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் விடுப்பு. அதைச் சொன்னதும் அந்த அறை அமைதியானது இன்னும் மனதில் இருக்கிறது.

குமரித்தென்றல்
அண்ணா, ஜர்னலில்தான் எல்லாம் இருக்கிறதே, அதிலிருந்தே பில்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்திருக்கலாமே? என் தங்கை கல்யாண ஃபோட்டோக்கள் பென்டிரைவில் போய்விட்டன, அதற்கும் இதே கமாண்ட் போதுமா?

பைட்_வேட்டை
தம்பி, அதில் ஃபைலின் உள்ளடக்கம் ஒரு பைட்கூட இருக்காது. பெயர், ஃபைல் எண், தாய் எண், நேரம், என்ன நடந்தது, அவ்வளவுதான். பென்டிரைவ் பெரும்பாலும் FAT32 அல்லது exFAT, அங்கே இந்த ஜர்னலே கிடையாது. ஃபோட்டோவுக்கு வேறு வழி பாருங்கள், அதுவரை அந்த டிரைவில் எதையும் எழுதாதீர்கள்.

மணி சார், இரண்டு கேள்வி. தாய் எண்ணை முழுசாக ஒப்பிட்டீர்களா? கடைசி 48 பிட் மட்டும் எம்.எஃப்.டி. வரிசை எண், மேலே உள்ள 16 பிட் அந்த இடம் எத்தனையாவது முறை பயன்படுகிறது என்று சொல்வது. பழைய ஃபோல்டர் அழிந்து அதே இடத்தில் புது ஃபோல்டர் வந்திருந்தால் அந்த 48 பிட் ஒத்துப்போகும், பாதை மட்டும் பொய்யாகிவிடும். இரண்டாவது, நேரம். பதிவில் இருப்பது யு.டி.சி. MFTECmd அப்படியே காட்டும். ஒரு கிடங்கு விவகாரத்தில் அறிக்கையில் 20:05 என்று இருந்ததால் இரவு எட்டு மணிக்கு வேலையில் இருந்தவரைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் மறுநாள் அதிகாலை 1:35. தேதியே மாறிவிட்டது. எட்டு மணிக்காரர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

சர்வர்மணி
முழு எண்ணும் ஒத்துப்போனது, fsutil முழுசாகவே காட்டும். நேரத்தையும் அலுவலகக் கடிகாரத்தோடு சரிபார்த்துத்தான் சொன்னேன்.

நெட்வொர்க்_செல்வி
ஆனால் எல்லா டெலீட்டும் பின்னுக்குப் போகும் என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது. ஷேர் ஃபோல்டரில் வேறு கணினியிலிருந்து அழித்தால் சர்வரில் நேராக `File delete` விழும். Shift+Delete அழுத்தினாலும் அப்படித்தான். அப்புறம் லினக்ஸில் பூட் செய்து அழித்திருந்தால் ஜர்னலில் சுவடே இருக்காது. எங்கள் லேபில் அதைக் கண்கூடாகப் பார்த்தேன்: ஃபைல் இல்லை, பதிவும் இல்லை. அதனால் பதிவு இல்லை என்பதற்காக யாரும் அழிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பழையடிஸ்க்
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலில் மெஷினை நிறுத்துங்கள். `fsutil usn queryjournal C:` போட்டால் பல கணினிகளில் அதிகபட்ச அளவு 32 எம்.பி. என்று வரும். ஒரு பதிவு சுமார் 100 பைட் என்று வைத்தால் 3 லட்சம் பதிவுதான் கொள்ளும். ஒரு ஃபைலை உருவாக்கி, எழுதி, மூடினாலே பல பதிவுகள் விழுகின்றன. பிரவுசர் கேஷும் விண்டோஸ் அப்டேட்டும் ஓடினால் பழைய பகுதி தானாகக் கழிந்துவிடும். மணி சார் தப்பித்தது அது D: என்பதால், C: ஆக இருந்திருந்தால் வெள்ளிக்கிழமைப் பதிவு திங்களுக்குள் போயிருக்கலாம். கழிந்த பதிவுகள் காலி இடத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும், டிஸ்க் இமேஜ் இருந்தால் தேடி எடுக்கலாம், எஸ்.எஸ்.டி. என்றால் டிரிம் அதையும் துடைத்திருக்கும். என் கதை சின்னது: ஒரு கிளையண்ட் மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார், மிச்சம் இருந்தது அன்று காலைப் பதிவுகள் மட்டும்.

குமரித்தென்றல்
அப்போ வெள்ளிக்கிழமை அழித்தது யார் என்று தெரிந்ததா?

சர்வர்மணி
ஜர்னலில் யூசர் பெயர் இருக்காது. ஆனால் `new name` வரியின் தாய் எண் $Recycle.Bin உள்ளே ஒரு S-1-5-21 ஃபோல்டரைக் காட்டியது, அதுதான் அழித்த அக்கவுண்ட். 1001 என்று முடியும், "office" என்ற பொது லாகின். அலுவலகம் முழுக்க அந்த ஒரே பாஸ்வேர்டுதான்.

பைட்_வேட்டை
செக்யூரிட்டி லாகில் அன்று 6 மணிக்கு மேல் வந்த 4624 பதிவுகளைப் பார்த்தீர்களா? ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்திருந்தால் ஐ.பி. கிடைக்குமே.

சர்வர்மணி
லாக் அதற்குள் சுற்றி அழிந்திருந்தது.