கடலை பிடுங்க ஆள் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் செய்தி: கூலியை வெளிப்படையாகப் போடலாமா?

குரோம்பேட்டை சேகர்:
அச்சிறுபாக்கம் பக்கம் 3 ஏக்கரில் வேர்க்கடலை போட்டிருக்கிறேன். தை முதல் வாரம் விதைத்தது. நான் சென்னையில் இருக்கிறேன், சனி ஞாயிறுதான் போய் வருகிறேன். ஊரில் ஆள் கிடைப்பதில்லை, விடியற்காலையிலேயே கம்பெனி வண்டி வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. வந்தவாசிப் பக்கத்து ஆட்கள் இருக்கும் குழு ஒன்றில் போட இதை எழுதி வைத்திருக்கிறேன்: "கடலை அறுவடைக்கு 20 பெண் ஆட்கள் தேவை. நல்ல கூலி. வண்டி வசதி, தங்குமிடம் உண்டு. ஏப்ரல் 28 முதல் 5 நாள்." இது போதுமா? கூலி எவ்வளவு என்று குழுவிலேயே போடலாமா?

பழைய மிராசு:
கூலியை மட்டும் போடாதீர்கள் சார். நீங்கள் 400 என்று போட்டால் அடுத்த நிமிடம் அது பத்து குழுவுக்குப் போகும். பக்கத்துக் கொல்லைக்காரர் 300 கொடுத்துக்கொண்டிருப்பார், அவருடைய ஆட்கள் நாளைக் காலையில் அவரிடம் 400 கேட்பார்கள். நீங்கள் திங்கட்கிழமை சென்னைக்கு வண்டி ஏறிவிடுவீர்கள், தண்ணீர்ப் பங்குக்கும் வரப்புக்கும் அவரிடம்தான் திரும்ப நிற்க வேண்டும்.
குழுவே வேண்டாம். நல்ல மேஸ்திரி ஒருவரைப் பிடித்து முன்பணமாகப் பத்தாயிரம் கொடுத்துவிடுங்கள். பணம் வாங்கிவிட்டால் வந்துதானே ஆக வேண்டும்.

உத்திரமேரூர் கோமதி:
மிராசு அண்ணன் பக்கத்துக் கொல்லைக்காரர் பற்றிச் சொன்னது உண்மைதான், அந்தச் சண்டை வரும். ஆனால் "நல்ல கூலி" என்று போட்டால் யாரும் வர மாட்டார்கள், வந்தாலும் களத்தில் சண்டை வரும்.
சேகர் சார், கடலையில் இரண்டு வேலை இருக்கிறது. செடியைப் பிடுங்கிக் குவிப்பது ஒன்று, செடியிலிருந்து காய் ஆய்வது இன்னொன்று. பிடுங்குவதற்கு நாள் கூலி. ஆய்வதற்குப் பல ஊர்களில் அளவுக் கூலி, கூடைக்கு இவ்வளவு என்று. உங்கள் செய்தியில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கிறது.
நாள் கூலி என்றால் எத்தனை மணி வரை? எங்கள் பக்கம் பெண்கள் எட்டு மணிக்கு இறங்கினால் ஒரு மணிக்குக் கரையேறிவிடுவார்கள், அதுதான் ஒரு நாள் கூலி. நீங்கள் மாலை ஐந்து வரை நினைத்துக்கொண்டு 400 போடுவீர்கள், அவர்கள் ஒரு மணி வரைக்கும் 400 என்று நினைத்து வருவார்கள். முதல் நாளே மத்தியானம் கொல்லையில் ஆள் இருக்காது.
அளவுக் கூலி என்றால் கூடையின் போட்டோவைக் குழுவில் போடுங்கள். போட்டோவில் கூடை நிறைந்திருக்க வேண்டும், கோபுரமாகக் குவித்ததா தலை தட்டியதா என்று தெரிய வேண்டும். போன வருடம் என் களத்தில் இதற்காகவே ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை நடந்தது. குவித்து அளந்தால் ஐந்து கூடைக்கு ஒரு கூடைக் காய் சும்மா போகிறது என்று ஒரு அம்மா கணக்குப் போட்டுக் காட்டினார், அவர் சொன்னது சரி. மண் ஒட்டிய காயை உதறி அளப்பதா அப்படியே அளப்பதா என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

வார இறுதி விவசாயி:
அருமையான முயற்சி சார்! நாங்கள் சோழிங்கநல்லூரில் நான்கு குடும்பம் இருக்கிறோம். குழந்தைகளுக்குக் கடலைச் செடி காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சனிக்கிழமை வந்தால் தங்கும் அறையில் ஏசி உண்டா? தலைக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

குரோம்பேட்டை சேகர்:
சார், நான் காசு கொடுத்து ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன் :) வாங்க, பிடுங்கத் தெரிந்தால் கூலியும் உண்டு. தங்குமிடம் என்று நான் எழுதியது மோட்டார் கொட்டகையை.

செய்யூர் தம்பி:
மோட்டார் கொட்டகையா? என் அம்மா முப்பது வருடம் கடலை பிடுங்கியவர், அதனால் கேட்கிறேன். இருபது பெண்கள் அதில் எப்படிப் படுப்பார்கள்? ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும், மூலையில் பூச்சிமருந்து டப்பாவும் உர மூட்டையும் இருக்கும். கக்கூஸ் உண்டா? ராத்திரி விளக்கு உண்டா? வெளியே போக வேண்டுமென்றால் இருட்டில் வரப்பு மேல் போக வேண்டும், கோடைக்குப் பாம்பு நடமாட்டம் வேறு. "தங்குமிடம் உண்டு" என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டீர்கள், வந்து இறங்கிய பிறகு பார்த்தால் திரும்பிப் போகவும் வண்டி இருக்காது.
மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்தால் வந்துதான் ஆக வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தாயிரத்தில் ஆட்களுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியுமா?

பழைய மிராசு:
தம்பி, முன்பணம் இல்லாமல் எந்த ஊரில் ஆள் நகர்கிறது? கரும்பு வெட்டுக்குப் போய்ப் பாருங்கள். நாங்கள் யாரையும் கட்டிப் போடவில்லை.

உத்திரமேரூர் கோமதி:
முன்பணம் கொடுப்பது தப்பில்லை அண்ணா. "பணம் வாங்கிவிட்டாய், கழியும் வரை வேறெங்கும் போகக் கூடாது" என்று நிறுத்தி வைத்தால் அதுதான் கொத்தடிமை. 1976ஆம் வருடச் சட்டம் அப்படிப்பட்ட கடனையே செல்லாததாக்கிவிட்டது. கரும்பு வெட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் வந்து ஆட்களை மீட்டுக்கொண்டு போன கதை உங்களுக்கும் தெரியும். சேகர் சாருக்கு வேண்டியது ஐந்து நாள் வேலை. அதற்கு வண்டிச் செலவை முன்கூட்டியே அனுப்பினால் போதும்.
தம்பி தங்குமிடம் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். தங்க வைக்கவே வேண்டாம். வந்தவாசியிலிருந்து அச்சிறுபாக்கம் வேனில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. அந்தப் பெண்களுக்கு வீட்டில் மாடு இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கும், ஐந்து ராத்திரி வெளியே தங்கச் சொன்னால் இருபதில் பத்துப் பேர்தான் வருவார்கள். வேன் வாடகை ஒரு நாளுக்கு 3,000 என்று வைத்தால் தலைக்கு 150. தங்க வைத்தால் அரிசி, சமையலுக்கு ஒரு ஆள், தண்ணீர், தற்காலிகக் கழிப்பறை எல்லாம் சேர்த்து அதைவிடக் குறையாது.

லோடு வண்டி பாபு:
வேன் எதற்கு? என்னிடம் டாடா ஏஸ் இருக்கிறது, 1,500 கொடுங்கள், ஒரே நடையில் இருபது பேரையும் ஏற்றி வந்துவிடுவேன். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எல்லாம் பக்காவாக இருக்கிறது.

உத்திரமேரூர் கோமதி:
பாபு தம்பி, அந்த இன்ஷூரன்ஸ் சரக்கு வண்டிக்கானது. பின்னால் சும்மா ஏறி வருகிற ஆளுக்கு அது பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட் 2002லேயே ஆஷா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. சரக்கோடு வருகிற அதன் சொந்தக்காரருக்கும், வண்டியில் ஏற்றி இறக்கும் உங்கள் ஆட்களில் பாலிசியில் சொன்ன எண்ணிக்கைக்கும் வேண்டுமானால் உண்டு. கடலை பிடுங்க வருகிற இருபது பெண்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். வண்டி கவிழ்ந்தால் நஷ்ட ஈடு உங்கள் தலையிலும் சேகர் சார் தலையிலும்தான் விழும்.

லோடு வண்டி பாபு:
எல்லோரும் இப்படித்தானே அக்கா ஏற்றுகிறார்கள். வேன்காரர் வாடகை ஒத்துவராவிட்டால் சேகர் சார் எனக்கே போன் போடுவார் பாருங்கள்.

குரோம்பேட்டை சேகர்:
வேன் என்றே வைத்துக்கொள்கிறேன். தேதிக்கு வருகிறேன். 28 என்று உறுதியாகப் போடலாமா? விதைத்து 105 நாள் கணக்கில் அன்றுதான் வருகிறது.

உத்திரமேரூர் கோமதி:
நாள் கணக்கை நம்பி வேனுக்குச் சொல்லிவிடாதீர்கள். 20ஆம் தேதிவாக்கில் கொல்லையில் நான்கைந்து இடத்தில் செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உட்புறம் பழுப்பாக, கறுப்பாக மாறியிருக்க வேண்டும். பத்துக்கு ஏழு காய் அப்படி இருந்தால் தயார். உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் சில நாள் விடுங்கள், அவசரப்பட்டுப் பிடுங்கினால் பருப்பு சுருங்கிப் போகும்.
அதே நேரம் தள்ளிப் போடவும் முடியாது. கொத்து ரக வேர்க்கடலையாக இருந்தால், முற்றிய காயின் மேல் கோடை மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். மண் காய்ந்து இறுகினாலும் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே அறுந்து நிற்கும். பிடுங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் ஒரு தண்ணீர் விட்டு, ஈரம் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு ஆளை இறக்க வேண்டும். அதனால் செய்தியில் "ஏப்ரல் 27இலிருந்து மே 1க்குள் ஒரு நாள் தொடங்கும், உறுதியான தேதி மூன்று நாள் முன்னால் இதே குழுவில் வரும்" என்று போடுங்கள்.
நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"அச்சிறுபாக்கம் அருகே 3 ஏக்கர் கடலை. பிடுங்கவும் ஆயவும் 20 பேர். ஏப்ரல் 27இலிருந்து மே 1க்குள் ஒரு நாள் தொடங்கும், உறுதியான தேதி மூன்று நாள் முன்னால் இதே குழுவில் வரும். 5 நாள் வேலை. பிடுங்க நாள் கூலி 400, காலை 8 முதல் 1 வரை. மத்தியானம் ஆய்வதற்குக் கூடைக்குக் கூலி, தொகையும் கூடையும் போட்டோவில், தலை தட்டி அளப்போம். காலை 6.30க்கு வந்தவாசி பஸ் ஸ்டாண்டிலிருந்து வேன், மாலை 5.30க்குத் திரும்ப விடும், வண்டிக் காசு பிடிப்பதில்லை. தங்க வேண்டியதில்லை. டீ, குடிதண்ணீர் உண்டு, சாப்பாடு நீங்கள் கொண்டு வர வேண்டும். கூலி அன்றன்றைக்கே கையில். 16 வயதுக்குக் கீழே யாரையும் கூட்டி வர வேண்டாம். ஆள் நிறைந்ததும் குழுவில் சொல்வோம். இந்த வருடம் ஏப்ரல் 26 வரைதான் இந்தச் செய்தி செல்லும்."

கடைசி வரியில் வருடத்தை எண்ணால் எழுதிவிடுங்கள். வருடம் இல்லாத செய்தி அடுத்த சித்திரையிலும் சுற்றிக்கொண்டே இருக்கும், உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கும். கூகுள் மேப் லிங்க் வேண்டாம், பாதிப் பேரிடம் பட்டன் போன்தான். செய்தியைப் பார்க்கிற ஒரு பெண் தெருவில் பத்துப் பேருக்கு வாயால் சொல்வார், வாயால் சொல்லக்கூடிய இடப் பெயராக எழுதுங்கள்.

செய்யூர் தம்பி:
நல்லா இருக்கு அக்கா. ஆனால் ஒன்று விட்டுப்போச்சு. வேன் ஏறி வந்து இறங்கிய பிறகு மழை பிடித்துக்கொண்டால்? காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர்களுக்கு அன்றைய கூலி யார் கொடுப்பது? அம்மா இப்படி எத்தனையோ நாள் வெறுங்கையோடு வந்திருக்கிறார்.

பழைய மிராசு:
வேலை செய்யாத நாளுக்குக் கூலியா? மழைக்கு நான் பொறுப்பா? எனக்கும்தானே கடலை நஷ்டம்.

உத்திரமேரூர் கோமதி:
நான் பாதிக் கூலி கொடுக்கிறேன். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கொடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் அதே ஆட்கள் வந்தார்கள், அதனால் கொடுக்கிறேன்.

செய்யூர் தம்பி:
பாதி எதற்கு அக்கா? அவர்களுடைய முழு நாளும்தானே போச்சு.

குரோம்பேட்டை சேகர்:
மழை நாளுக்கு 200 என்று சேர்த்துக்கொள்கிறேன். மிராசு சார், பக்கத்துக் கொல்லைக்காரரிடம் குழுவில் போடுவதற்கு முன்னால் நானே நேரில் சொல்லிவிடுகிறேன்.

பழைய மிராசு:
சொல்லுங்கள். 400 என்று சொல்லும்போது நான் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் சரி.