பொருள்: தால் மக்கனிக்குச் 'சிறுகொதி' பொருந்துமா?

மீனாட்சி:
தால் மக்கனி செய்முறை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரவு முழுக்க ஊறிய கறுப்பு உளுந்தை வேகவைத்து, அப்புறம் மூன்று மணி நேரம் 'சிம்மர்' செய்ய வேண்டும். 'சிம்மில் வைக்கவும்' என்பது அடுப்பைத்தான் சொல்கிறது, பானைக்குள் நடப்பதைச் சொல்லவில்லை. 'சிறுகொதி' சரியா?

ரவி:
சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் குக்கரில் எட்டு விசிலில் உளுந்து வெந்துவிடுமே! பிறகு மணிக்கணக்கில் வைப்பது வெண்ணெய்ச் சுவை இறங்கத்தான். 'சுவையேற்றல்' என்றே சொல்லலாம்.

பர்வீன்:
சுவை இறங்குவது உண்மைதான், ஆனால் அது பாதிதான். குக்கரில் வெந்ததை ஒரு கரண்டி தட்டில் ஊற்றிப் பாருங்கள். பருப்பு நடுவில் நிற்கும், ஓரத்தில் தண்ணீர் தனியாக ஓடும். உளுந்தின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். சூட்டில் அது கரையக் கரைய செல்கள் பிரிகின்றன. கரண்டியால் கிளறி, பானை ஓரத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டால் உள்ளிருக்கும் மாவும் வழவழப்பும் நீரில் இறங்கும். வெண்ணெய் மேலே மிதக்காமல் பிடித்துவைப்பது அவைதான். தட்டில் நீர் பிரியாத வரைக்கும் வைக்க வேண்டும். கெட்டியானால் வெந்நீர் விடுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம். தில்லி புக்காரா உணவகத்தில் இரவு முழுக்க வைப்பது இதற்காகத்தான்.

செல்வம்:
எனக்கு நான்கு மணி நேரம் ஆகியும் உளுந்து கடுக்கென்றே இருந்தது. உளுந்தோடு தக்காளியும் போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். ஊறவைத்தது போதவில்லையோ?

பர்வீன்:
ஊறல் காரணமாக இருக்காது. தக்காளிப் புளிப்பில் பெக்டின் எளிதில் கரையாது. போர் தண்ணீர் கடின நீராக இருந்தால், அதிலுள்ள கால்சியம் பெக்டினை இன்னும் இறுக்கும். உளுந்தை விரலிடுக்கில் நசுக்கினால் மாவாக வேண்டும், அதற்குப் பிறகே தக்காளி. பழைய உளுந்தாக இருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும்.

மீனாட்சி, இன்னொன்று. ராஜ்மா சேர்ப்பீர்கள்தானே? ஒரு கப் உளுந்துக்குக் கால் கப் போதும். ஆனால் ராஜ்மாவின் நஞ்சு மெல்லிய சூட்டில் போகாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். முதலிலிருந்தே 'சிறுகொதி' என்று எழுதிவிடாதீர்கள்.

மீனாட்சி:
நல்லவேளை சொன்னீர்கள். அப்போது மூன்று சொல் வேண்டும்: முதலில் 'தளகொதி', பிறகு 'சிறுகொதி', கடைசி நிலைக்குக் 'குழைகொதி'.

ரவி:
'குழைகொதி' வேண்டாம். சோறு குழைந்துவிட்டது என்றால் கெட்டுப்போனது என்றுதானே பொருள்? 'கடைதல்' இருக்கிறதே.

பர்வீன்:
கடைந்தால் முழு உளுந்தே தெரியாது. இதில் பாதி கரைந்து, பாதி உருவத்தோடு நிற்க வேண்டும்.

மீனாட்சி:
முதல் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். மூன்றாவதற்கு இப்போதைக்கு 'நீர் பிரியாமல் சேர்ந்து வரும்வரை' என்றே எழுதுகிறேன். வேறு சொல் தோன்றினால் இங்கே போடுங்கள்.